வெண்ணெய் காய்ச்சும்போது அடுப்பை எந்த நொடியில் அணைக்க வேண்டும்? நெய்ப் பதம் காட்டும் நான்கு அறிகுறிகள்

செம்பூரில் வாடகை ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமை காலை. மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் போனபோது வாங்கிய அரை கிலோ வெள்ளை வெண்ணெய் அடுப்பில் உருகிக்கொண்டிருக்கிறது. ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் கேட்கிறீர்கள்: "எப்பம்மா இறக்கணும்?"

"சத்தம் அடங்கினதும் இறக்கிடு. பொன்னிறமா வரும், வாசனை வரும், தெரியும் உனக்கு."

அம்மாவுக்குத் தெரியும். முதல்முறை காய்ச்சும் உங்களுக்குத் தெரியாது. யூடியூபில் பார்த்தால் ஒருவர் பதினைந்து நிமிடம் என்கிறார், இன்னொருவர் முப்பது என்கிறார். நெய் பொன்னிறம் ஆகட்டும் என்று காத்திருக்கிறீர்கள். அது ஆகவே இல்லை. திடீரென்று அடியில் கருகல் வாடை. அரை கிலோ வெண்ணெய்க்குக் கொடுத்த காசும் ஒரு காலையும் போச்சு.

தவறு எங்கே நடந்தது? நேரத்தையும் நெய்யின் நிறத்தையும் நம்பியதில்தான். நெய் காய்ச்சும்போது பார்க்க வேண்டியவை வேறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெண்ணெய்க்குள் என்ன இருக்கிறது?

வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு இல்லை. கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இவை போக, பால் புரதமும் பால் சர்க்கரையும் கொஞ்சம் இருக்கும். அதிகபட்சம் 2 சதவீதம்.

உங்கள் அரை கிலோவுக்குக் கணக்குப் போடுங்கள். 400 கிராம் கொழுப்பு, ஏறக்குறைய 80 கிராம் தண்ணீர், 10 கிராமுக்குள் பால் திடப்பொருள். நெய் காய்ச்சுவது என்றால் இரண்டு வேலைகள்: அந்த 80 கிராம் தண்ணீரை முழுசாக விரட்டுவது, அந்த 10 கிராம் திடப்பொருளைக் கருகாமல் வறுப்பது. முதல் வேலை நெய்யைக் கெடாமல் காக்கிறது. இரண்டாவது வேலை மணத்தைக் கொடுக்கிறது.

சிக்கல் என்னவென்றால், முதல் வேலைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில்தான் எல்லோரும் போனை எடுத்துப் பார்க்கிறோம்.

தெர்மாமீட்டர் வைத்தால் என்ன தெரியும்?

வெண்ணெய் உருகியதும் வெப்பம் ஏறிக்கொண்டே போய் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்து நின்றுவிடும். தீயைக் கூட்டினாலும் பெரிதாக ஏறாது. காரணம், உள்ளே இருக்கும் தண்ணீர். அடுப்பு கொடுக்கும் சூடு முழுவதும் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. சாதம் கொதிக்கும் பானை 100 டிகிரியைத் தாண்டாததும் இதே காரணத்தால்தான்.

தண்ணீர் தீரத் தீர இந்தத் தடை விலகும். முள் மெல்ல 103, 105 என்று நகரும். 108 தாண்டிவிட்டால் பிறகு வேகம்தான். அரை கிலோ வெண்ணெய் குறைந்த தீயில் இருந்தால்கூட 108லிருந்து 120க்கு இரண்டு, மூன்று நிமிடத்தில் போய்விடும். தீ அதிகமாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

நிறுத்த வேண்டிய எல்லை 110 முதல் 120 டிகிரி வரை. 110 பக்கம் நிறுத்தினால் மென்மையான மணம். 118, 120 பக்கம் நிறுத்தினால் வறுத்த மணம். அதைத் தாண்ட விட்டால் கசடு கருத்து, கசப்பு நெய்யில் இறங்கத் தொடங்கும்.

ஒரு முக்கியமான விஷயம்: நீங்கள் அணைக்கும் வெப்பமும் நெய் போய் நிற்கும் வெப்பமும் ஒன்றல்ல. அடிகனமான பாத்திரம் தன்னுள் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் சில டிகிரி ஏறும். அதனால் 118 வேண்டும் என்றால் 113, 114லேயே அணைத்துவிடுங்கள்.

தெர்மாமீட்டர் வாங்கினால் கம்பி உள்ள சமையல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். துப்பாக்கி மாதிரி தூரத்தில் இருந்து காட்டும் இன்ஃப்ராரெட் வகை இங்கே ஏமாற்றும். அது நுரையின் மேற்பரப்பை அளக்கும், அடியில் நடப்பதைச் சொல்லாது. கம்பியின் முனை பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, நெய்யின் நடுவில் இருக்க வேண்டும். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, முதலில் கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். மும்பை கடல்மட்டத்தில் இருக்கும் ஊர், அதனால் 100ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 97 காட்டினால் உங்கள் கருவி மூன்று டிகிரி குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். அதே கணக்கை நெய்யிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையா? நான்கு அறிகுறிகள் போதும்

தண்ணீர் தீர்வதையும் கசடு வறுபடுவதையும் காதாலும் கண்ணாலும் மூக்காலும் பின்தொடரலாம். வீட்டுப் பெரியவர்கள் செய்ததும் இதுதான்.

முதலாவது, சத்தம். ஆரம்பத்தில் மழை பெய்வதுபோல் சடசடவென்று ஒரே சீராகச் சத்தம் இருக்கும். கொழுப்புக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெடித்து வெளியே வரும் சத்தம் அது. தண்ணீர் குறையக் குறைய சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும், பிறகு மெல்லிய முணுமுணுப்பாகும். அம்மா சொன்ன 'சத்தம் அடங்கினதும்' என்பது இதுதான். ஆனால் சத்தம் அடங்கியது 'தண்ணீர் போச்சு' என்ற செய்தி மட்டுமே. 'நெய் ரெடி' என்பதற்கு இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் இருக்கிறது. சிம்னியையோ மிக்ஸியையோ ஓட விட்டுக்கொண்டு நெய் காய்ச்சாதீர்கள் என்பதற்கும் காரணம் இதுவே.

இரண்டாவது, நுரை. நெய் இரண்டு முறை நுரைக்கும். இது தெரியாமல்தான் பலர் குழம்புகிறார்கள். முதல் நுரை வெண்ணெய் கொதிக்கத் தொடங்கியதும் வரும். வெள்ளையாக, தடிமனாக, பெரிய குமிழிகளோடு இருக்கும். நேரம் போகப் போக அது வடிந்துவிடும். நடுவில் ஒரு தெளிவான கட்டம் வரும். மேலே சில பெரிய கண்ணாடிக் குமிழிகள் மட்டும் உடைந்துகொண்டிருக்கும், அடிவரை பார்க்க முடியும். அதற்குப் பிறகு, பொடிப் பொடியான மெல்லிய நுரை திரும்பவும் பொங்கி மேலே படரும். இந்த இரண்டாவது நுரைதான் முடிவின் அறிவிப்பு. பால்பொருள் தொழில்நுட்பப் பாடங்களிலும் நெய் காய்ச்சுவதன் முடிவைக் காட்டும் அடையாளமாகச் சொல்லப்படுவது இதுதான். கை அடுப்பின் திருகில் இருக்க வேண்டிய நேரம் இது.

மூன்றாவது, கசடின் நிறம். கரண்டியால் நுரையை ஒதுக்கி அடியைப் பாருங்கள். வெள்ளைத் துகள்கள் மெல்ல மஞ்சளாகி, பிறகு வறுத்த ரவை நிறத்துக்கு வரும். அதன் பிறகு தேன் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் கருப்பு. வறுத்த ரவைக்கும் தேனுக்கும் நடுவில் அடுப்பை அணையுங்கள். மீதி வேலையைப் பாத்திரத்தின் சூடு பார்த்துக்கொள்ளும்.

நான்காவது, வாசனை. முதலில் பச்சைப் பால் வாடை, பிறகு பால்கோவா மாதிரி, கடைசியில் முந்திரி வறுத்த மணம். பால் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து உருவாக்கும் மணம் அது. பிரெட் டோஸ்ட் ஆகும்போது வரும் மணத்துக்கும் இதே வேதிவினைதான் காரணம். அந்த மணம் வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது.

நான்கும் ஒன்றையொன்று உறுதிசெய்ய வேண்டும். சத்தம் அடங்கவில்லை, ஆனால் கசடு பழுப்பாகிவிட்டது என்றால் தீ அதிகம், அடி மட்டும் வறுபடுகிறது என்று பொருள். தீயைக் குறைத்து, அடியைச் சுரண்டிக் கிளறுங்கள்.

'பொன்னிறம்' ஏன் நம்ப முடியாத அடையாளம்?

நெய்யின் மஞ்சள் நிறம் சூட்டால் மட்டும் வருவதில்லை. பசும்பாலில் இருக்கும் பீட்டா கரோட்டின்தான் அதற்கு முதல் காரணம். எருமைப்பாலில் அது இல்லை என்றே சொல்லலாம். அதனால் எருமை நெய் எவ்வளவு சரியாகக் காய்ச்சினாலும் வெளுப்பாகவே இருக்கும், சிலசமயம் லேசான பச்சைச் சாயலோடும் இருக்கும்.

மும்பையில் இது முக்கியம். நகரத்தின் தபேலாக்கள் பெரும்பாலும் எருமைத் தொழுவங்கள்தான். 1949இல் கோரேகாவில் ஆரே பால் காலனியை அரசு அமைத்ததே நகருக்குள் இருந்த எருமைகளை அங்கே கொண்டுபோகத்தான். பால்கடையில் 'லோணி' என்று கேட்டு வாங்கும் வெள்ளை வெண்ணெய் எருமைப்பாலில் எடுத்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதை வைத்துக்கொண்டு ஊரில் அம்மா காய்ச்சும் பசு நெய்யின் பொன்னிறத்துக்காகக் காத்திருந்தால், நெய் மஞ்சளாவதற்கு முன்பே கசடு கரியாகிவிடும். ஆரம்பத்தில் நாம் பார்த்த விபத்து இதுதான்.

எதிர்ப்பக்கமும் ஒரு ஏமாற்று உண்டு. பிரெட்டில் தடவும் உப்பு வெண்ணெயின் லேபிளைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் அன்னாட்டோ என்ற இயற்கை நிறமி சேர்த்திருப்பார்கள். அது கொழுப்பில் கரையும், வடிகட்டினாலும் போகாது. அந்த வெண்ணெயைக் காய்ச்சினால் முதல் நிமிடத்திலிருந்தே 'பொன்னிறம்' இருக்கும். தண்ணீர் அப்படியே இருக்க, நீங்கள் இறக்கிவிடுவீர்கள். உப்பு முழுக்கக் கசடில் தங்கும், அந்தக் கசடை வாயில் வைக்க முடியாது. நெய்க்கு உப்பில்லாத வெண்ணெய்தான் சரி.

ஆக, நெய்யின் நிறத்தைப் பார்க்காதீர்கள். கசடின் நிறத்தையும் நெய்யின் தெளிவையும் பாருங்கள். இதற்காகவே உள்பக்கம் வெள்ளியாக மின்னும் அடிகனமான ஸ்டீல் பாத்திரம் நல்லது. கறுப்பு நான்ஸ்டிக்கிலும் இரும்புக் கடாயிலும் கசடின் நிறம் தெரியவே தெரியாது.

அரை கிலோ வெண்ணெய், படிப்படியாக

பாத்திரத்தில் வெண்ணெய் பாதிக்கு மேல் வரக் கூடாது, பொங்குவதற்கு இடம் வேண்டும். நடுத்தரத் தீயில் உருக விடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அது விட்டுவிட்டுச் சூடேற்றும், அதனால் குறைந்த அளவில் வைத்து அடிக்கடி கிளறுவது அவசியம்.

முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பெரிய வேலை இல்லை. அவ்வப்போது கிளறினால் போதும். அதன் பிறகு நகராதீர்கள். சத்தம் தளர்ந்து, நுரை வடிந்து, அடி தெரியத் தொடங்கும்போது தீயை மிகவும் குறைத்துவிடுங்கள். ஒரு கொத்து முருங்கை இலையைப் போட வேண்டிய நேரமும் இதுதான். மாட்டுங்காவிலும் தாராவியிலும் தமிழர்கள் காய்கறி வாங்கும் கடைகளில் கிடைக்கும், மராத்தியில் 'ஷேவ்கா' இலை என்று கேளுங்கள். கழுவியிருந்தால் துணியில் ஒற்றி நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் நெய் முகத்தில் தெறிக்கும்.

முருங்கை இலை மணத்துக்கு மட்டுமல்ல, அதுவே ஒரு கருவி. போட்டதும் படபடவென்று பொரியும். இலைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகும் சத்தம் அது. சத்தம் நின்று, இலை கையால் நொறுக்கினால் அப்பளம்போல் உடைகிறது என்றால், நெய்யின் வெப்பம் தண்ணீரின் கொதிநிலையை நன்றாகத் தாண்டிவிட்டது. அதற்குள் பொடி நுரையும் எழும்பியிருக்கும். கசடைப் பாருங்கள், அடுப்பை அணையுங்கள், பாத்திரத்தைச் சூடான பர்னரிலிருந்து இறக்கி வேறு இடத்தில் வையுங்கள்.

இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பத்து நிமிடம் ஆற விட்டால் கசடு அடியில் தங்கும். பிறகு ஈரம் துளியும் இல்லாத ஸ்டீல் வடிகட்டியில் வடியுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினால் பாட்டில் விரிசல் விடும், பிளாஸ்டிக்கில் ஊற்றவே வேண்டாம். 390 கிராம் அளவுக்கு நெய் கிடைத்தால் கணக்கு சரி. கசடிலும் இலையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும். வீட்டில் ஆடையிலிருந்து எடுத்த வெண்ணெய் என்றால் அதில் தண்ணீர் அதிகம், அதனால் நெய் குறைவாகவும் நேரம் கூடுதலாகவும் ஆகும்.

பக்கத்து வீட்டு நெய் ஏன் வேறு மாதிரி மணக்கிறது?

மாட்டுங்காவில் ஒரே தெருவில் தமிழர், குஜராத்தி, மராத்தியர் வீடுகள் இருக்கும். ஒரே கடை வெண்ணெயை வாங்கினாலும் நெய் வேறு வேறாக வரும். மேற்கிந்திய வீடுகளில் பொதுவாகக் குறைந்த வெப்பத்தில், கசடு வெளுப்பாக இருக்கும்போதே இறக்குவார்கள். மராத்தியில் 'தூப்' என்று சொல்லும் அந்த நெய்யில் தயிர் வாசம் லேசாக இருக்கும். தென்னிந்தியாவில் கூடுதல் வெப்பத்துக்குக் கொண்டுபோய், கசடைச் சிவக்க விடுவோம். அதனால்தான் ரசம் சாதத்தில் விட்ட நம் நெய் தூக்கலாக மணக்கிறது.

இரண்டும் சரியான நெய்தான். வித்தியாசம் கடைசி எட்டுப் பத்து டிகிரி மட்டுமே. ஆனால் மும்பை ஈரப்பதத்தில் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சிய நெய்க்கு ஒரு லாபம் உண்டு. 120 டிகிரி பக்கம் போகும்போது கசடில் இருக்கும் பாஸ்போலிப்பிட் போன்ற பொருள்கள் நெய்யில் இறங்கி, சிக்கு வாடை வருவதைத் தள்ளிப்போடுகின்றன.

தவறிவிட்டால் காப்பாற்ற முடியுமா?

சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள் என்றால் முடியும். ஆறி உருகிய நிலையில் நெய் கலங்கலாகத் தெரியும், அடியில் நீர்த்துளி நிற்கும். அதைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றி, மிகக் குறைந்த தீயில் சத்தம் முழுசாக அடங்கும்வரை காய்ச்சுங்கள். இதைச் சும்மா விடக் கூடாது. கடையில் விற்கும் நெய்யிலேயே ஈரம் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நீர் தங்கிய நெய் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மும்பை மழைக்காலத்தில் சீக்கிரமே பூஞ்சையும் சிக்கு வாடையும் பிடிக்கும்.

கொஞ்சம் தாமதமாகிவிட்டது, கசடு அடர் பழுப்பு என்றால் ஆறும்வரை காத்திருக்காதீர்கள். உடனே, கவனமாக, ஈரமில்லாத அடிகனமான ஸ்டீல் பாத்திரத்தில் வடித்துவிடுங்கள். கசடைப் பிரித்தால் மேற்கொண்டு வறுபடுவது நின்றுவிடும். ஆறியதும் ஒரு சொட்டு ருசி பாருங்கள். கசக்கவில்லை என்றால் தப்பித்தீர்கள்.

கசடு கருத்து, நெய்யும் கசந்துவிட்டால் வழியில்லை. சர்க்கரை போட்டாலும் முருங்கை போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. சாமி விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறிய நெய் கெட்டியாகவில்லை, அது தவறா?

இல்லை. நெய் மணல் மணலாக உறைவது காய்ச்சிய பதத்தைவிட ஆறிய விதத்தைப் பொறுத்தது. 28 டிகிரி அளவில் அசைக்காமல் மெல்ல ஆறினால் மணி மணியாக உறையும். ஃபிரிட்ஜில் வைத்து அவசரமாக ஆற்றினால் மெழுகுபோல் இறுகும். மே மாத மும்பையில் சமையலறை அதைவிடச் சூடாக இருக்கும், நெய் பாதி உருகியே நிற்கும். அதைப் பார்த்துச் சரியாகக் காயவில்லை என்று மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். தெளிவாக இருக்கிறதா, அடியில் நீர் இல்லையா என்பதை மட்டும் பாருங்கள்.

வடிகட்டியில் தங்கிய கசடையும் தூக்கிப் போட வேண்டாம். தேன் நிறத்தில் இருக்கும் அதை மராத்தியர்கள் 'பேரி' என்பார்கள், சர்க்கரை சேர்த்துச் சாப்பிடுவார்கள். நம் வீடுகளில் நெய் காய்ச்சிய பாத்திரத்திலேயே சூடான சாதத்தைப் போட்டு, உப்புத் தூவிப் பிரட்டிப் பிள்ளைகளுக்கு உருட்டிக் கொடுப்பார்கள். அந்தச் சாதம் இனிப்பும் மணமுமாக இருந்தால் நீங்கள் சரியான நொடியில் அணைத்திருக்கிறீர்கள். நாக்கில் கசந்தால் அடுத்த முறை அரை நிமிடம் முன்னால் அணையுங்கள்.